முதல் ஸ்டைபெண்டுக்கு முந்தைய 43 நாட்கள்

2025 ஜூன் 2 அன்று சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் சேர்ந்தேன். இரண்டு மாதம், மாதம் 8,000 ரூபாய். முதல் 8,000 கைக்கு வந்தது ஜூலை 15-ல். அதாவது 43 நாள் கழித்து. அன்று ராத்திரியே என் கணக்கில் மிச்சம் இருந்தது 2,083 ரூபாய். செலவு செய்து தீர்க்கவில்லை. வரும் முன்பே ஒரு கடன் ஆப் அதைத் தின்று முடித்திருந்தது.

முதல் சம்பளத்தை எப்படிச் சேமிப்பது என்று கேட்டால் எல்லோரும் பணம் வந்த பிறகு நடப்பதைத்தான் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் மாணவர்கள் மாட்டுவது பணம் வருவதற்கு முன்னால்தான். அதனால் இந்தக் கட்டுரையும் அங்கிருந்தே தொடங்குகிறது. ஏற்காடு, ஆத்தூர், ஓமலூர் பக்கமிருந்து சேலத்துக்கு வந்து அறை எடுத்துத் தங்கி இன்டர்ன்ஷிப் செய்யப் போகிறவர்களை நினைத்து எழுதுகிறேன்.

1. சேர்வதற்கு முன் மூன்று கேள்வி

ஆஃபர் லெட்டரில் "மாதம் 8,000" என்று இருக்கும். எந்தத் தேதியில் என்று பெரும்பாலும் இருக்காது. அதைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இடம் கொடுத்ததே பெரிது என்ற நினைப்பு. நீங்கள் கூச்சப்படாதீர்கள். ஹெச்ஆரிடம் மெயிலில் கேளுங்கள், பதிலும் மெயிலில் இருக்கட்டும்.

முதல் கேள்வி: ஜூன் மாதத்து ஸ்டைபெண்ட் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும்? வேலையாட்களுக்குச் சம்பளம் போகும் அதே நாளில் இன்டர்ன்களுக்கும் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். பல இடங்களில் இன்டர்ன்களுக்குத் தனிப் பட்டியல். மாதம் முடிந்து, வருகைப் பதிவு சரிபார்த்து, மேலாளர் ஒப்புதல் கொடுத்து, அப்புறம்தான் கணக்குப் பிரிவுக்குப் போகும். எனக்கு "ஜூலை 7 வாக்கில்" என்று வாயால் சொன்னார்கள். என் மேலாளர் ஒரு வாரம் விடுப்பில் போனதால் வருகைப் பட்டியல் அவர் மேசையிலேயே தூங்கியது. 7 என்பது 15 ஆனது. யாரும் ஏமாற்றவில்லை, அவர்கள் வேலை செய்யும் விதம் அப்படி. சொன்ன தேதியோடு நீங்களே பத்து நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: வரிப் பிடித்தம் உண்டா? சில நிறுவனங்கள் இன்டர்ன் ஸ்டைபெண்டைத் தொழில்முறைக் கட்டணமாக எழுதி 10 சதவீதம் பிடிக்கும். பான் எண் கொடுக்காவிட்டால் அது 20 சதவீதம் ஆகிவிடும். இரண்டு மாதச் சின்னத் தொகைக்குப் பெரும்பாலும் பிடிக்க மாட்டார்கள். பிடித்தாலும், ஆண்டு முடிந்ததும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம், இவ்வளவு சின்ன வருமானத்துக்கு வரி வராது. ஆனால் 8,000-ஐ நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு 7,200 வந்தால் விடுதிக் கட்டணத்தில் இடிக்கும். அதற்காகத்தான் முன்பே கேட்பது.

மூன்றாவது: எந்த வங்கிக் கணக்கு? இதற்குப் பதில் கொஞ்சம் நீளம் என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

2. கணக்கையும் பானையும் இரண்டு வாரம் முன்பே முடியுங்கள்

பான் இல்லாதவர்களுக்கு எளிய வழி, வருமான வரித் துறையின் incometax.gov.in தளத்தில் `Instant e-PAN`. கட்டணம் கிடையாது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆதாரில் உங்கள் மொபைல் எண் இணைந்திருக்க வேண்டும், ஆதாரில் பிறந்த தேதி முழுமையாக இருக்க வேண்டும், வெறும் வருஷம் மட்டும் இருந்தால் ஆகாது. பல பேருக்கு மொபைல் எண் அப்பாவின் பழைய நம்பராக இருக்கும். 2025-ல் அதை மாற்ற ஆதார் சேவை மையத்துக்கு நேரில்தான் போக வேண்டியிருந்தது. நேரம் பிடிப்பது இங்கேதான், பானில் இல்லை. ஒருமுறை எடுத்த பான் இருந்தால் இன்னொன்று எடுக்காதீர்கள். இரண்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு.

வங்கிக் கணக்கு பள்ளியில் படிக்கும்போது திறந்ததா? அப்படியானால் அது மைனர் கணக்காக இருக்கலாம். என் அறைத்தோழிக்கு நடந்தது இது: ஸ்டைபெண்ட் கணக்கில் ஏறிவிட்டது, குறுஞ்செய்தியும் வந்துவிட்டது, எடுக்கத்தான் முடியவில்லை. 18 ஆனபிறகு புதிய கையெழுத்தும் கேஒய்சியும் கொடுக்காததால் வங்கி பணம் வெளியே போகும் வழியை மட்டும் அடைத்து வைத்திருந்தது. கிளையோ அவள் ஊரில் இருந்தது. ஒரு நாள் விடுப்பு எடுத்து, ஆதார், பான், இரண்டு புகைப்படத்தோடு போய் வந்தாள். இரண்டு வருஷமாகத் தொடாத கணக்கும் இப்படித்தான் முடங்கும். சேருவதற்கு முன் அந்தக் கணக்கிலிருந்து பத்து ரூபாய் யாருக்காவது அனுப்பிப் பாருங்கள். போனால் கணக்கு உயிரோடு இருக்கிறது.

அலுவலகமே புதுக் கணக்கு திறந்து தருவதாகச் சொன்னால் இரண்டு விஷயம் கவனியுங்கள். சம்பளக் கணக்குக்குக் குறைந்தபட்ச இருப்பு வேண்டாம் என்பார்கள். சம்பளம் வரும்வரைதான் அது. இன்டர்ன்ஷிப் முடிந்து சில மாதம் பணம் ஏறாவிட்டால் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறி, இருப்புக் குறைவுக்குப் பணம் பிடிக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று யாரும் சொல்லித் தராதது. கணக்கு திறக்கும் படிவத்தில் ஆதாரை அரசு உதவித்தொகைக்கு இணைக்கச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தால், ஆதார் வழியாக வரும் உதவித்தொகை எல்லாம் அன்றிலிருந்து புதுக் கணக்குக்குத் திரும்பிவிடும். பழைய கணக்கைப் பார்த்துக்கொண்டு "ஸ்காலர்ஷிப் வரவில்லை" என்று கல்லூரி அலுவலகத்தில் நிற்பீர்கள். இப்போது எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை myaadhaar.uidai.gov.in தளத்தில் `Bank Seeding Status` என்ற இடத்தில் பார்க்கலாம்.

என் யோசனை: ஸ்டைபெண்டுக்கு ஒரு கணக்கு, சேமிப்புக்கு வேறொரு கணக்கு. இரண்டாவது, குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக இருந்தால் போதும். உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இல்லாத எந்த வங்கியிலும் கேட்டால் தர வேண்டும். அதை யுபிஐ ஆப்பில் இணைக்காதீர்கள். ஏன் என்று 5-ஆவது படியில் சொல்கிறேன்.

3. பணம் வரும்வரை எதில் சாப்பிடுவது?

இதை ஒரு தாளில் எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். சேரும் நாளிலிருந்து 45 நாளுக்கு எவ்வளவு வேண்டும்?

என் கணக்கு இது. அஸ்தம்பட்டியில் பெண்கள் விடுதி, சாப்பாட்டோடு மாதம் 5,500, முன்பணம் 3,000. போக்குவரத்துக்குச் செலவில்லை, சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. போன் ரீசார்ஜ் 300. மாலையில் தட்டுவடை செட், டீ என்று நாளுக்கு 30 ரூபாய் வைத்தாலும் 45 நாளுக்கு 1,350. ஜூலை மாத விடுதிக் கட்டணம் 5-ஆம் தேதி கட்ட வேண்டும், அப்போதும் ஸ்டைபெண்ட் வந்திருக்காது. ஆக மொத்தம் 15,650 ரூபாய். இதில் விடுதிப் பணம் எல்லாவற்றையும் அப்பா கட்டினார். கைச்செலவுக்கு 1,500 கொடுத்தார்.

எங்களுக்கு மேலே மலையில் ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காப்பித் தோட்டம், மரத்தில் மிளகுக் கொடி. காப்பி பறித்துக் காசு பார்ப்பது தை, மாசியில். ஜூனில் வீட்டில் கேட்டால் அப்பா இல்லை என்று சொல்ல மாட்டார், யாரிடமோ வாங்கித் தருவார். அது தெரிந்ததால் நான் கேட்கவில்லை. இதே காரணத்துக்காகத்தான் மலையிலிருந்தும் கிராமத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் ஆப்பில் கடன் எடுக்கிறார்கள் என்பது என் அனுமானம். ஆடம்பரத்துக்காக எடுப்பவர்களைவிட, வீட்டில் கேட்கக் கூடாது என்று எடுப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பற்றாக்குறை எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொண்டு, கீழே உள்ள வரிசையில் முயலுங்கள்.

முதலில், விடுதியில் தேதி கேளுங்கள். "ஸ்டைபெண்ட் 15-க்கு வரும், அன்றே கட்டிவிடுகிறேன் அக்கா" என்று ஆஃபர் லெட்டரைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலான விடுதிக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள். கட்டணம் கட்டும் நாளுக்கு முந்தின வாரமே சொல்ல வேண்டும், தவறின பிறகு சொன்னால் அது சாக்கு.

அடுத்து, அலுவலகத்தில் பாதி ஸ்டைபெண்டை முன்பணமாகக் கேளுங்கள். சின்ன நிறுவனங்களில் இது நடக்கிறது.

அதற்கும் வழி இல்லையென்றால் அம்மாவின் மகளிர் குழு. இது எனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் முடிந்து ஆகஸ்டில் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டார்: "எங்க குழுவுல நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. என்கிட்ட கேக்கறதுக்கு உனக்கு என்ன?" 2,000 ரூபாயை இரண்டு மாதத்துக்கு எடுத்தால் வட்டி 40 ரூபாய். நான் கட்டியது எவ்வளவு என்று இனி பாருங்கள்.

4. கடன் ஆப்: உங்கள் கைக்கு வருவது எவ்வளவு, கட்டுவது எவ்வளவு

ஜூன் 10. மடிக்கணினியின் சார்ஜர் எரிந்துபோனது. ஐந்து ரோட்டில் கடையில் விலை 1,900. கையில் 1,100 இருந்தது. புதிய பஸ் நிலையத்திலிருந்து திரும்பும் வண்டியில் உட்கார்ந்தபடியே ஒரு ஆப்பை இறக்கினேன். பான், ஆதார், ஒரு செல்ஃபி. அஸ்தம்பட்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. திரையில் "உங்களுக்கு 5,000 ஒப்புதல்" என்று வந்தது. எனக்குத் தேவை 800. ஆனால் அதற்குக் கீழே தேர்வு செய்ய வழி இல்லை, 5,000-தான் ஆரம்பம். சரி, மீதி கையில் இருக்கட்டும் என்று அழுத்தினேன்.

வந்த குறுஞ்செய்தியில் 4,115 ரூபாய் வரவு என்று இருந்தது. தவறாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். செயலாக்கக் கட்டணம் 15 சதவீதம், 750. அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், 135. இரண்டையும் சேர்த்து 885 ரூபாயைக் கொடுக்கும்போதே கழித்துவிட்டார்கள். வட்டி "மாதம் வெறும் 3 சதவீதம்", ஆனால் அது 5,000-க்கு, 150 ரூபாய். ஜூலை 10 அன்று கட்ட வேண்டியது 5,150.

இதில் 3 சதவீதத்தைப் பார்க்காதீர்கள். இரண்டே எண்தான் முக்கியம்: கைக்கு வந்தது, திரும்பப் போவது.

```
5150 - 4115 = 1035
1035 / 4115 = 0.2515
```

30 நாளுக்கு நூற்றுக்கு 25 ரூபாய் வட்டி. ஊரில் பத்து வட்டிக்கு விடுபவரைப் பார்த்தாலே நாம் ஒதுங்கிப் போவோம். இது அதைப்போல் இரண்டரை மடங்கு, ஆனால் நீலக் கலரில் அழகான பொத்தான். ஆண்டுக் கணக்கில் 300 சதவீதத்தைத் தாண்டும்.

பதிவுபெற்ற நிறுவனத்தின் ஆப் என்றால் இந்த ஆண்டு விகிதத்தை உங்களுக்கு முன்கூட்டியே காட்டியே ஆக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. `Key Fact Statement` என்ற பக்கத்தில் `APR` என்று இருக்கும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த விகிதம் அது. எனக்கும் காட்டினார்கள். பஸ்ஸில் ஆடிக்கொண்டே விரலால் தள்ளிவிட்டேன். நீங்கள் அந்தப் பக்கத்தில் நில்லுங்கள். அதில் இல்லாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதமில்லாமல் பிற்பாடு அவர்கள் வசூலிக்க முடியாது என்பதால் அதைப் படம் பிடித்து வையுங்கள்.

இன்னொரு விதி எனக்கு அப்போது தெரியாது. கடன் எடுத்த பிறகு மனம் மாறினால் குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதமில்லாமல் வெளியேறலாம். எத்தனை நாள் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும். முன்பே அறிவித்திருந்தால் செயலாக்கக் கட்டணத்தை மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். தொகை சின்னது என்று விட்டுவிடாமல் அன்றே கேளுங்கள்.

ஆப் போலியா என்று பார்க்க மூன்று அடையாளம். கடன் கொடுப்பது எந்த வங்கி அல்லது எந்த நிதி நிறுவனம் என்று பெயர் இருக்காது. தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். பதிவுபெற்ற ஆப்கள் இவற்றைத் தொடக்கூடாது. பணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து வராமல் யாரோ ஒருவர் பெயரிலிருந்து வரும். ரிசர்வ் வங்கியின் rbi.org.in தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் பயன்படுத்தும் கடன் ஆப்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லாவிட்டால் அந்த ஆப்பை அழித்துவிடுங்கள். பட்டியலில் இருப்பதாலேயே மலிவு என்று அர்த்தம் இல்லை. என்னுடையது முறையான நிறுவனம்தான்.

இப்போது மிச்சக் கதை. ஜூலை 10 காலை அவர்கள் என் கணக்கிலிருந்து தானாக எடுக்க முயன்றார்கள். கணக்கில் 200 ரூபாய்கூட இல்லை. திரும்பிவிட்டது. திரும்பியதற்கு என் வங்கி 250 ரூபாயும் ஜிஎஸ்டியும், ஆக 295 என்று குறித்து வைத்துக்கொண்டது. கடன் நிறுவனம் 400-ம் ஜிஎஸ்டியும், 472. ஜூலை 15 அன்று 8,000 வந்ததும் வங்கி தன் 295-ஐ முதலில் எடுத்தது. நான் 5,150-உடன் 472 சேர்த்து 5,622 கட்டினேன். மிச்சம் 2,083.

800 ரூபாய் பற்றாக்குறைக்கு நான் கொடுத்த விலை 1,035-ம் 767-ம் சேர்த்து 1,802. சார்ஜரே 1,900-தான்.

தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுப்பதாக இருந்தால், ஸ்டைபெண்ட் வரும் தேதிக்குப் பத்து நாள் தள்ளியே தேதி வையுங்கள். தள்ள முடியாது என்று சொல்லும் கடனை எடுக்க வேண்டாம்.

5. பணம் வந்த நாளில் செய்ய வேண்டியது

மாதக் கடைசியில் மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சாது, இது எல்லோருக்கும் தெரியும். இன்டர்ன்ஷிப்பில் மட்டும் உள்ள ஒரு வசதியை யாரும் கவனிப்பதில்லை. பணம் தாமதமாக வருவதால், கடைசி ஸ்டைபெண்ட் வேலை முடிந்த பிறகு வந்து சேரும். எனக்கு ஜூலை மாதத்தது ஆகஸ்ட் 14-ல் வந்தது. அப்போது நான் கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிட்டேன், அதற்கென்று எந்தச் செலவும் காத்திருக்கவில்லை. 43 நாள் என்னை வதைத்த அதே தாமதம் இப்போது முழு 8,000-ஐத் தனியாகக் கையில் கொடுத்தது. முதல் மாதத்தில் சேமிக்க முடியவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள், கடைசி மாதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் பிரித்தது இப்படி. 4,000 ரூபாயை ஓராண்டு வைப்பாகப் போட்டேன். இதற்கு வீட்டில் பெயரே "சார்ஜர் பணம்". அவசரமென்றால் வங்கி ஆப்பிலேயே அன்றே உடைக்கலாம், வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். 1,500 அம்மாவுக்கு. 1,000 என் செலவுக்கு. மீதி 1,500-ஐ இரண்டாவது கணக்கில் போட்டு, அதிலிருந்து மாதாமாதம் 300 ரூபாய் கட்டும் ஆர்டி வைப்பு ஒன்றைத் தொடங்கினேன்.

ஏன் 300? மாதம் 1,000 என்று தொடங்கவே ஆசையாக இருந்தது. ஆனால் ஆர்டி தொகையை ஸ்டைபெண்ட் வரும் மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, வராத மாதத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். கல்லூரி நாட்களில் வீட்டிலிருந்து வரும் கைச்செலவில் நான் தள்ளக்கூடியது 300. ஸ்டைபெண்டிலிருந்து எடுத்த 1,500 முதல் ஐந்து தவணைக்கு ஆயிற்று. அதற்குள் பழகிவிட்டது.

வங்கியா, தபால் நிலையமா? இங்கே ஒரு பொறி உண்டு. தபால் நிலைய ஆர்டிக்குக் குறைந்தது மாதம் 100 ரூபாய், 2023 அக்டோபரிலிருந்து வட்டி 6.7 சதவீதம், அரசு காலாண்டுக்கு ஒருமுறை விகிதத்தை அறிவிக்கும். மாதம் 200 போட்டால் ஐந்து ஆண்டில் கட்டிய 12,000 ஏறக்குறைய 14,270 ஆகும். நல்லதுதான். ஆனால் காலம் ஐந்து ஆண்டு. மூன்று ஆண்டுக்கு முன் முடிக்க முடியாது. மூன்றுக்குப் பிறகு இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டி, 4 சதவீதம்தான் கிடைக்கும். இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஐந்து ஆண்டு கழித்து எந்த ஊரில் இருப்போம் என்றே தெரியாது. வங்கிகளில் ஆறு மாதம், ஓராண்டு என்று ஆர்டி போடலாம். முதல் முறைக்கு ஓராண்டு போதும். ஆப்பிலேயே திறக்கலாம், கட்டணம் இல்லை.

மாதம் 300 ஓராண்டுக்கு, 6 சதவீதம் என்றால் வட்டி சுமார் 118 ரூபாய் வரும். சிரிக்காதீர்கள். ஆப்புக்கு நான் ஒரே மாதத்தில் கட்டியது 1,035 என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சேமிப்பில் வரும் வட்டியால் மாணவர் பணக்காரர் ஆவதில்லை. கையில் 4,000 இருந்தால் அந்த 1,035 போகாது, லாபம் அங்கேதான்.

சேமிப்புக் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். இணைத்த முதல் வாரமே, டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது ஒரு கணக்கில் பணம் இல்லையென்றால் விரல் தானாக மற்றதை அழுத்தும். நான் சோதித்தே பார்த்துவிட்டேன்.

விடுதியிலும் தெருவிலும் தீபாவளிச் சீட்டு பிடிப்பவர்கள் வருவார்கள். தெரிந்த அக்காவே பிடித்தாலும், பதிவில்லாத சீட்டில் பணம் போனால் கேட்க இடமில்லை. வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, சீட்டுக்கு இல்லை.

6. கார்டும் தவணையும்

கல்லூரி வாசலில் கிரெடிட் கார்டு விற்பவர்கள் முதலில் "மாணவருக்கு இலவசம்" என்பார்கள். வருமானம் இல்லாத மாணவருக்குக் கிடைப்பது பொதுவாக வைப்புத்தொகையின் பேரில் தரும் கார்டு. முழு பில்லையும் கட்டுகிறவர்களுக்கு அது தீங்கில்லை. "மினிமம் டியூ" கட்டுகிறவர்களுக்குத்தான் தீங்கு.

பில் 10,000, குறைந்தபட்சம் 500 என்று வருகிறது. 500 கட்டிவிட்டீர்கள், நிம்மதி. மீதி 9,500-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் 332 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 60. அடுத்த மாதம் 392 ஏறி 9,892 ஆகிறது. 500 கட்டியதில் குறைந்தது 108 ரூபாய்தான். அதோடு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கார்டில் வட்டியில்லாமல் கிடைக்கும் 45 நாள் சலுகை காணாமல் போய்விடும்.

"நோ காஸ்ட்" தவணையிலும் செயலாக்கக் கட்டணமும் வட்டிக்கான ஜிஎஸ்டியும் உங்கள் தலையில்தான். "பே லேட்டர்" பொத்தானும் பெயர்தான் வேறு, பதிவேட்டில் கடன்.

7. ஏற்கெனவே மாட்டியிருந்தால்

பழைய கடனை அடைக்கப் புதிய ஆப்பில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அந்த 15 சதவீதம் மறுபடி வெட்டப்படும். நான்காவது முறை நீங்கள் எடுக்கும் கடனில் பாதிக்கு மேல் வெறும் கட்டணமும் வட்டியுமாகத்தான் இருக்கும். வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கிடைக்கும் பணத்தால் ஒரே தடவையில் அடையுங்கள்.

வசூலுக்கு அழைப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. தோழிகளுக்கும் பேராசிரியருக்கும் அழைத்துச் சொல்வதாக மிரட்டினால், அழைப்புப் பட்டியலையும் செய்திகளையும் படம் பிடித்து, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மெயில் போடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை. வழி கேட்க 14448. போலி ஆப் என்றாலோ, உங்கள் படத்தை மாற்றி அனுப்புவதாக மிரட்டினாலோ 30 நாள் காத்திருக்கத் தேவையில்லை. அன்றே 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in-இல் பதியுங்கள்.

கட்டி முடித்ததும் மூன்று வேலை இருக்கிறது. பாக்கி இல்லை என்ற கடிதத்தை மெயிலில் வாங்குங்கள். யுபிஐ ஆப்பிலோ வங்கி ஆப்பிலோ `Autopay` பகுதியில் அவர்களுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இந்தியாவில் நான்கு நிறுவனங்கள் இந்த அறிக்கையைத் தருகின்றன, ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். காசு கேட்கும் பக்கத்துக்குப் போய்விடாமல் இலவச இணைப்பைத் தேடி எடுங்கள்.

நான் அக்டோபரில் எடுத்தேன். கடன் `Closed` என்று இருந்தது. அதற்குக் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். 2025 ஜூலை கட்டத்தில் மட்டும் 005 என்று இருந்தது. ஐந்து நாள் தாமதம். அந்தக் கட்டங்கள் 36 மாதத்துக்குக் காட்டும். நான் படிப்பை முடித்து வேலைக்குப் போய், வண்டிக் கடன் கேட்கப் போகும் நாளிலும் அது அங்கே இருக்கும்.